ஒன்றாம் தேதிக்கு முன் ஒரு மாத்திரைக் கணக்கு

"அங்கிள், வணக்கம். ஈசூனில் உங்கள் மருந்துக் கடைக்கு எதிர் புளோக்கில் வளர்ந்தவள் நான். இப்போது குடும்பத்தோடு மெல்பர்னில் இருக்கிறேன். அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 73. அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்கும் மருந்து. அம்மாவுக்குத் தைராய்டு, எலும்புத் தேய்மானம். பலதுறை மருந்தகம் ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம் என்று அலைகிறார்கள். பணிப்பெண் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். மாதா மாதம் ஒன்றாம் தேதி எல்லாவற்றையும் நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா? பணத்தை இங்கிருந்தே போட்டுவிடுகிறேன்."

அம்மா, படங்களை அனுப்பு, பார்க்கிறேன். ஆனால் படத்தை வைத்துக்கொண்டு மருந்து எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே கடையிலிருந்து வெளியே போகும். சீட்டு எழுதுபவர் சிங்கப்பூரில் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். அங்கே உனக்குத் தெரிந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் இங்கே செல்லாது.

சட்டத்தை விடு, காசுக் கணக்கிலும் இது உனக்கு நஷ்டம். அப்பாவின் வயதுக்கு அவரிடம் முன்னோடித் தலைமுறை அட்டை இருக்கும், அம்மாவிடம் மெர்டேக்கா தலைமுறை அட்டை இருக்கும். பலதுறை மருந்தகத்தில் மானிய விலை மருந்துக்கு அப்பாவுக்கு மேலும் பாதி குறையும், அம்மாவுக்குக் கால் பங்கு குறையும். அதே மாத்திரையை என்னிடம் வாங்கினால் இந்தக் கழிவு எதுவும் கிடைக்காது. இதைச் சொல்வதால் என் வியாபாரம்தான் குறைகிறது, இருந்தாலும் சொல்லாமல் இருப்பது சரியில்லை. ஆகவே மருந்து இப்போது வரும் இடத்திலிருந்தே வரட்டும். ஹெல்த்ஹப் செயலியில் உன்னைப் பராமரிப்பாளராகச் சேர்க்கச் சொல், அவர்களுடைய சிங்பாஸ் வழியாகத்தான் அதைச் செய்ய முடியும். சேர்த்துவிட்டால் சந்திப்புத் தேதிகளை மெல்பர்னிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மருந்தை வீட்டுக்கு வரவழைக்கும் வசதியும் அந்தச் செயலியில் உண்டு.

அப்படியானால் இந்தக் கிழவனுக்கு என்ன வேலை என்று கேட்பாய். மருந்து வீட்டுக்கு வருவது இந்த ஊரில் பெரிய பாடில்லை. வந்த மருந்தில் எது வயிற்றுக்குள் போகிறது, எது அலமாரியிலேயே தங்குகிறது, எது இரண்டு இடத்திலிருந்து வந்து இரண்டு முறை போகிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றாம் தேதிப் பொட்டலத்தைத் தொடங்குவது ஆபத்து. நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதே. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர், மனைவியோடு இருக்கிறார். மகன் வெளிநாட்டில். உன்னைப் போலவே அவனும் கேட்டான்: பணிப்பெண்ணிடம் பெட்டியைக் கொடுத்து வேளாவேளைக்கு மாத்திரையைக் கொடுக்கச் சொல்லிவிடலாமா என்று. முதலில் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பிஸ்கட் டின் ஒன்று வந்தது, அதோடு பூஜை அலமாரியிலிருந்து ஒரு பை, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டிலிருந்து இன்னொரு பை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, பெயர் பார்த்துப் பிரித்து, எண்ண ஆரம்பித்தேன்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பலதுறை மருந்தகத்துப் பையில் ஒட்டியிருக்கும் சீட்டில் கொடுத்த தேதி, மொத்த எண்ணிக்கை, ஒரு நாளைக்கு எத்தனை என்பதெல்லாம் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று பார்த்தால், இந்நேரம் எத்தனை மாத்திரை மீதி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்தப் பெரியவருக்குச் சர்க்கரைக்கு கிளிப்பிசைடு 5 மில்லிகிராம் மாத்திரை, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. பன்னிரண்டு வாரத்துக்கு 336 மாத்திரை கொடுத்திருந்தார்கள். என்னிடம் வந்தது 56ஆம் நாள். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் 112 மாத்திரை மீதி இருக்க வேண்டும். பையில் இருந்ததோ 224. அதாவது நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை அளவில்தான் போயிருக்கிறது. மாலை மாத்திரையை அவர் தொடவே இல்லை.

கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். மாலையில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனால் பூஜை முடியும்போது கை நடுங்குகிறதாம், வியர்க்கிறதாம். அதனால் தானாகவே விட்டுவிட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. "அவர் கோபித்துக்கொள்வார்" என்றார். சோதனையில் சர்க்கரை கூடுதலாகவே காட்டியது. டாக்டர் என்ன செய்வார்? கொடுத்த மருந்து போதவில்லை என்று எண்ணி, வேளைக்கு ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினார். அந்த நாலு மாத்திரை, பெரியவர் பாதிதான் சாப்பிடுகிறார் என்பது தெரியாமல் எழுதப்பட்டது.

இனிமேல் மகனின் திட்டத்தை யோசித்துப் பார். நாளை காலையிலிருந்து பணிப்பெண் பெட்டியைத் திறந்து, எதிரே நின்று, நாலு மாத்திரையையும் விழுங்க வைக்கிறாள். நல்ல பெண், சொன்னதைச் செய்கிறாள். முதல் வாரத்திலேயே ஒரு நாள் மாலை சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பார். நள்ளிரவில் சர்க்கரை இறங்கும். வியர்க்கும், பேச்சுக் குழறும், கூப்பிட்டால் சரியாகப் பதில் வராது. தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். இந்த வகை மாத்திரையில், அதுவும் வயதானவரிடம், நான் பயப்படுவது சர்க்கரை கூடுவதைவிட இப்படி இறங்குவதற்குத்தான். இதுவரை விட்டுவிட்டுச் சாப்பிட்டவரை ஒரே நாளில் ஒழுங்காகச் சாப்பிட வைத்தால், மருந்தின் அளவை திடீரென்று இரட்டிப்பாக்கியது போலத்தான். ரத்த அழுத்த மருந்துக்கும் இதே கதை: எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கீழே விழுவார்கள்.

அதே மேசையில் இன்னொன்றும் கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம், தினம் ஒன்று, பலதுறை மருந்தகம் கொடுத்தது. பூஜை அலமாரிப் பையில் அம்லாங் 5 மில்லிகிராம் அட்டைகள், திருச்சியிலிருந்து மைத்துனர் வாங்கி வந்தவை. பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. ஊர் மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆக நாளுக்கு 15 மில்லிகிராம். இந்த மருந்துக்கு மேல்வரம்பே 10. அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது இதன் வழக்கம், அவருக்கும் வீங்கியது. பக்கத்தில் இருந்த தனியார் மருந்தகத்தில் காட்டினார். அங்கிருந்த டாக்டருக்கு ஊர் மாத்திரை கண்ணில் படவில்லை, நீர் போக புரூஸமைடு எழுதிக் கொடுத்தார். அதைப் பெரியவர் சாயங்காலம் போட்டுக்கொண்டார். இரவில் நாலு முறை கழிவறைக்கு நடந்தார். முதல் மாத்திரை தந்த வீக்கத்துக்கு இரண்டாவது மாத்திரை, அது தந்த தூக்கக் கேட்டுக்கு மூன்றாவது கேட்டு என் கடைக்கு வந்துவிட்டார். 

மருந்தை நிறுத்துவதோ குறைப்பதோ என் வேலையல்ல. எண்ணிக்கையையும் இரட்டை மருந்தையும் ஒரு தாளில் எழுதி, பெரியவர் கையில் கொடுத்து, பலதுறை மருந்தகத்துக்கு அனுப்பினேன். அன்றைக்குப் பெட்டி நிரப்பவில்லை. டாக்டர் மாலை கிளிப்பிசைடை எடுத்துவிட்டு, இரண்டு வாரம் வீட்டில் விரல் குத்திப் பார்க்கச் சொன்னார். ஊர் மாத்திரையை நிறுத்தியதும் சில வாரத்தில் வீக்கம் வடிந்தது, புரூஸமைடையும் அவரே நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் நான் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

உன் வீட்டிலும் இதே வரிசையில்தான் போக விரும்புகிறேன். ஆனால் முதலில் அப்பாவும் அம்மாவும் என்னிடம் "சரி" என்று சொல்ல வேண்டும். நீ மகள்தான், பணம் போடுபவளும் நீதான். ஆனாலும் அவர்கள் தெளிவாக இருக்கும்வரை அவர்களுடைய மருந்து விவரத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதை வெறும் விதியாக எடுத்துக்கொள்ளாதே. மகளிடம் போட்டுக் கொடுப்பார் என்று அப்பா நினைத்துவிட்டால், விட்டுப்போன மாத்திரையை என்னிடமும் மறைத்துவிடுவார். அப்புறம் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே நீயே பேசி, "அங்கிள் ஒருமுறை எல்லாவற்றையும் பார்க்கட்டும்பா" என்று கேள். அடுத்த சனிக்கிழமை மதியம் கடையில் கூட்டம் இருக்காது, இருவரும் வரட்டும்.

பையில் எதையும் விடாமல் கொண்டுவரச் சொல். ஜோகூரில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது, தைலம், சூரணம், பாகற்காய்ப் பொடி, எல்லாம்தான். சர்க்கரை மாத்திரையோடு தினம் பாகற்காய்ச் சாறும் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், சிலருக்குச் சர்க்கரை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கிவிடும். மெல்பர்னிலிருந்து நீ அனுப்பும் மீன் எண்ணெய், மூட்டு மாத்திரை டப்பாக்களும் வரட்டும். கோபித்துக்கொள்ளாதே, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருந்தால், இங்கே பெற்றோர் வீட்டு அலமாரியில் பாதிக் கடையே இருக்கும்.

இனி பெட்டி. நீ மாதம் ஒருமுறை என்று கேட்டாய், நான் இரண்டு வாரத்துக்குத்தான் நிரப்புவேன். பத்தாம் நாள் டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினால், மாதப் பெட்டியில் மீதி எல்லா நாளும் தவறாகிவிடும். அதை வீட்டில் இருப்பவர்களே பிரித்து மாற்ற ஆரம்பித்தால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆளுக்கு இரண்டு பெட்டி வைத்துக்கொள்ளலாம், ஒன்று வீட்டில், ஒன்று என்னிடம். பழைய பெட்டி திரும்பி வந்தால்தான் புதியதைக் கொடுப்பேன். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். திரும்பி வந்த பெட்டியில் எந்தக் கட்டம் நிறைந்திருக்கிறது என்று பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை இரவு மட்டும் மிச்சமிருந்தால் மறதி. எல்லா நாளும் மாலைக் கட்டம் மட்டும் மிச்சமிருந்தால் அவருக்கு ஏதோ செய்கிறது, கேட்க வேண்டும். அம்மாவின் பெட்டி நிறைந்தும் அப்பாவின் பெட்டி காலியாகவும் வந்தால் பெட்டி மாறியிருக்கலாம். அதற்காகவே அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு. கட்டத்தின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுவேன், பணிப்பெண்ணும் படிக்க வேண்டுமே.

எல்லா மருந்தும் பெட்டிக்குள் போகாது. அம்மாவின் தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கும் பசியாறலுக்கும் அரைமணி நேரம் முன்பு தண்ணீரில் போட வேண்டும். எலும்புக்குக் கால்சியம் கொடுத்திருந்தால் அது நாலு மணி நேரம் தள்ளிப் போக வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. இரண்டையும் ஒரே "காலை" கட்டத்தில் போட்டால் ஒரே கையளவில் விழுங்கிவிடுவார். அதனால் தைராய்டு மாத்திரை தனி டப்பாவில் தலைமாட்டில் இருக்கட்டும், கால்சியம் மதியக் கட்டத்துக்குப் போகட்டும். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அது வந்த பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்க வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதச் சொல், எட்டு வாரத்தில் புதியது வாங்க வேண்டும். வலி வந்தால் மட்டும் போடும் மாத்திரைகளும் பெட்டிக்கு வெளியேதான்.

பணிப்பெண்ணிடம் நான் அரைமணி நேரம் பேச வேண்டும். மருந்தைக் கொடுப்பதோடு, எப்போது கொடுக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். அப்பா சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், சர்க்கரை மாத்திரையைக் கொடுக்காமல் முதலில் என்னைக் கூப்பிட வேண்டும். கடை மூடியிருந்தால் மருந்தகத்தைக் கூப்பிடட்டும். அவர் வியர்த்து நடுங்கினால் விரல் குத்திப் பார்க்கட்டும். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், தண்ணீரில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கூப்பிட்டால் பதில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். காணொளியில் பேசும்போது "மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்காதே. எந்தப் பெற்றோரும் "சாப்பிட்டோம்மா" என்றுதான் சொல்வார்கள். பெட்டியைக் கேமரா முன்னால் காட்டச் சொல், கட்டங்கள் உனக்கே தெரியும். பிறகு காலில் செருப்பு இறுக்குகிறதா, இரவில் எத்தனை முறை எழுந்தார்கள், எழுந்து நிற்கும்போது தலை சுற்றியதா என்று பேச்சோடு பேச்சாகக் கேள். எந்த மருத்துவமனைக்குப் போய்வந்தாலும் அன்றே புதிய மருந்துப் பட்டியலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். அது வராத வாரம் நான் பெட்டி நிரப்ப மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி நிரப்புவதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு, அதைச் சனிக்கிழமை அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன். நீ போட்டாலும் சரி, அவர் தன் கையால் கொடுத்தாலும் சரி. அவர் கொடுக்க விரும்பினால் தடுக்காதே.

பலதுறை மருந்தகத்தில் இருவருக்கும் அடுத்த சந்திப்பு என்றைக்கு என்று பார்த்து எனக்கு எழுது. எண்ணிக்கைத் தாளை அதற்கு முந்தைய நாளுக்குள் அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.